ஆங்கில வாக்கியத்தின் ஏற்றமும் இறக்கமும்: பொறுப்பின் இலக்கணம்

ஆங்கிலம் கற்பிக்கும் கைந்நூல்களில் நெடுங்காலமாக வழங்கி வரும் ஒரு விதி உண்டு: கூற்று வாக்கியத்தின் முடிவில் குரல் இறங்கும், வினா வாக்கியத்தின் முடிவில் குரல் ஏறும் என்பது அது. விதி சுருக்கமானது, மனத்தில் எளிதில் பதிவது. ஆயினும் ஆங்கிலேயர் பேசுவதைச் சற்றுக் கவனமாகக் கேட்போர் எவரும் அது பாதி உண்மை என்பதை விரைவில் உணர்வர். ஏற்றம் என்பது வினாவின் அடையாளம் அன்று; இறக்கம் கூற்றின் அடையாளமும் அன்று; சொல்லப்படும் பொருளுக்கு யார் பொறுப்பேற்கிறார், சொல்பவரா கேட்பவரா என்பதையே இவ்விரண்டும் முதன்மையாகக் காட்டுகின்றன என்பதும், வினா என்றும் கூற்று என்றும் நமக்குத் தோன்றுவது அந்தப் பொறுப்பும் வாக்கியத்தின் சொல்லமைப்பும் கூடிப் பிறக்கும் விளைவு என்பதும் இக்கட்டுரையின் கொள்கை.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த லிலியாஸ் ஆம்ஸ்ட்ராங், ஐடா வார்ட் ஆகிய இருவரும் 1926-இல் வெளியிட்ட கையேட்டில், ஆங்கிலத்தின் மெட்டுகளை இறங்குவது ஒன்று, ஏறுவது ஒன்று என இரண்டாக வகுத்தனர். அவர்களே இறங்கும் மெட்டில் கூற்றுகளோடு ‘வேர்’, ‘வென்’, ‘வாட்’ முதலிய வினாச்சொற்களால் தொடங்கும் கேள்விகளையும் சேர்த்துவிட்டார்கள். ‘வேர் டூ யூ லிவ்’ என்று இயல்பாகக் கேட்பவரின் குரல் இறங்கியே முடிகிறது. அதையே ஏற்றி முடித்தால், அன்பும் அக்கறையும் கலந்த விசாரிப்பாகவோ, முன்பே கேட்ட விடையை மறுபடி சொல்லச் சொல்வதாகவோ அது மாறிவிடும். ஆகவே வினாக்களில் ஒரு பெரும் பகுதி தொடக்கத்திலேயே விதிக்கு வெளியே நிற்கிறது. எஞ்சியவை ஆம் அல்லது இல்லை என்ற விடையை வேண்டும் வினாக்கள். அவற்றிலேனும் விதி செல்லுமா என்று பார்க்க விரும்பிய அமெரிக்க அறிஞர் சார்ல்ஸ் ஃப்ரீஸ், வந்திருப்பவரின் தொழில் என்ன என்பதைக் கேள்விகளாலேயே கண்டுபிடிக்கும் தொலைக்காட்சி விளையாட்டு ஒன்றில் எழுந்த வினாக்களை ஆராய்ந்து 1964-இல் ஒரு முடிவை வெளியிட்டார்: அவ்வினாக்களுள் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு இறங்கும் மெட்டிலேயே அமைந்திருந்தன. இது அந்த விளையாட்டின் இயல்போடு பொருந்துவதாகவே எனக்குப் படுகிறது. கேட்பவர் ஒவ்வொரு விடையாலும் தம் ஊகத்தைக் குறுக்கிக்கொண்டே செல்கிறார். அவருடைய வினா ஏற்கெனவே பாதி தீர்மானித்த ஒன்றைச் சரிபார்ப்பதாகிறது. தீர்மானம் உள்ள இடத்தில் குரல் இறங்குகிறது.

இந்த ஏற்ற இறக்கம் வாக்கியத்தில் எங்கே நிகழ்கிறது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். பேச்சின் சுருதியை எழுத்தில் பிடிக்கும் முயற்சி புதியதன்று; ஜோஷுவா ஸ்டீல் என்பார் 1775-இல் வெளியிட்ட நூலில், தந்தி வாத்தியம் ஒன்றில் விரலை வழுக்கிப் பேச்சின் சுருதியைத் தொடர்ந்து, அதை இசைக்குறியீட்டைப் போன்ற ஒரு முறையில் எழுதிக் காட்டினார். எனினும் முழு வாக்கியத்தின் மெட்டும் ஓர் அசையைச் சுற்றியே கட்டப்படுகிறது என்பதைத் தெளிவாக வகுத்தவர் ஹெரால்ட் பால்மர். 1922-இல் வந்த அவருடைய நூல் அந்த அசையைக் கரு என்றும், அதற்குப் பின் வருவதை வால் என்றும் கொண்டது. ‘யூ ஆர் லீவிங்’ என்ற வாக்கியத்தில் ‘லீ’ கரு, ‘விங்’ வால். இறங்கும் மெட்டில் ‘லீ’ என்ற அசையிலேயே குரல் சரிந்துவிடுகிறது. வால் அடித்தளத்தில் கிடக்கிறது. ஏறும் மெட்டில் ‘லீ’ தாழ்ந்து தொடங்க, ஏற்றம் வாலின்மீது பரவுகிறது. ஆதலால் ‘கடைசிச் சொல்லில் குரல் ஏறுகிறதா’ என்று மட்டும் பார்ப்பது போதாது. திருப்பம் கருவில் நிகழ்கிறது, கடைசியில் நாம் கேட்பது அதன் தொடர்ச்சி.

கருவிகொண்டு அளப்பவர் இடறும் இடமும் இதுவே. ஆண்குரல் பேச்சில் சராசரியாக விநாடிக்கு 100 முதல் 120 அதிர்வுகள் வரை கொண்டது. இறங்கும் மெட்டின் இறுதியில் அது மிகவும் தாழ்ந்து, குரல்நாண்கள் சீராக அதிராமல் கரகரத்துவிடுவது உண்டு. அப்போது கணிப்பொறி சுருதியை இருமடங்காகவோ பாதியாகவோ தவறாகக் கணக்கிடும். இறங்கிய குரல் வரைபடத்தில் திடீரென மேலே தாவியதாகத் தோன்றும். மெய்யான ஏற்றம் தொடர்ச்சியான கோடாக வளைந்து எழும். பொய்யான ஏற்றமோ இடையில் அறுந்து, சரியாக ஒரு ஸ்தாயி மேலே குதித்து நிற்கும். வரைபடத்தை நம்புமுன் செவியால் கேட்டுப் பார்ப்பது இத்துறையில் தவிர்க்க முடியாத கடமை.

இனி, கொள்கைக்கு வருவோம். லண்டனில் ஒரு வீட்டுக்காரி, தம் வீட்டில் குடியிருப்பவர் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பதைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘யூ ஆர் லீவிங்’ என்று அவர் இறங்கும் மெட்டில் சொன்னால், அது தாம் கண்டறிந்ததை அறிவிப்பதாகும். குரலில் கடுமை சேர்ந்தால் ‘நீர் வெளியேற வேண்டும்’ என்ற ஆணையாகவும் ஆகும். அதே மூன்று சொற்களை அதே வரிசையில் ஏறும் மெட்டில் சொன்னால் அது வினாவாகிறது. ‘ஆர் யூ லீவிங்’ என்று சொற்களை மாற்றிக் கேட்டாலும் வினாதான். இவ்விரு வினாக்களும் ஒன்றேயென்று கருதுவோர் பலர். அவை ஒன்றல்ல என்பதற்கு இரண்டு சோதனைகள் உண்டு.

முதலாவது, இடம் பொருத்திப் பார்ப்பது. மனுதாரரைப் பற்றி எதுவுமே அறியாத ஓர் அதிகாரி படிவத்தை நிரப்பும்போது ‘ஆர் யூ மேரீட்’ என்று கேட்கலாம். ‘யூ ஆர் மேரீட்’ என்று குரலை ஏற்றிக் கேட்டால் மனுதாரர் திகைப்பார், தம்மிடம் எதைக் கண்டு இவர் இப்படி அனுமானித்தார் என்று யோசிப்பார். பெட்டி அடுக்குவது கண்முன் நிகழ்ந்ததனாலேயே வீட்டுக்காரிக்கு அந்த வாக்கியம் பொருந்தியது. இரண்டாவது சோதனை சொல்லிலக்கணத்தைச் சார்ந்தது. ‘எனிபடி’ என்ற சொல், யாரேனும் ஒருவர் என்ற பொருளில், மறுப்பிலும் வினாவிலும் இயல்பாக வரும், உடன்பாட்டுக் கூற்றில் வாராது. ‘டிட் யூ டெல் எனிபடி’ என்று கேட்கலாம். ‘யூ டோல்ட் எனிபடி’ என்பதை எவ்வளவு உயர ஏற்றிச் சொன்னாலும் ஆங்கிலச் செவி ஏற்காது, ‘யூ டோல்ட் சம்படி’ என்றே சொல்லியாக வேண்டும். மெட்டு ஏறியதனால் வாக்கியம் வினா வாக்கியமாக மாறியிருந்தால் இந்தத் தடை நீங்கியிருக்க வேண்டும், அது நீங்கவில்லை. எனவே சொல்லமைப்பில் அது கூற்றாகவே இருக்கிறது, மாறியது வேறொன்று.

அந்த வேறொன்று எது என்பதைக் கிறிஸ்டின் கன்லாக்ஸன் 2001-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் தெளிவாக எடுத்துரைத்தார். கூற்றின் அமைப்பு ‘இது இப்படி’ என்று ஒருவரை ஒரு பொருளுக்குக் கட்டுப்படுத்துகிறது. இறங்கும் மெட்டு அந்தக் கட்டுப்பாட்டைச் சொல்பவர்மேல் வைக்கிறது, ஏறும் மெட்டு கேட்பவர்மேல் வைக்கிறது. ‘உம்முடைய செய்கையிலிருந்து நீர் புறப்படுவதாகத் தெரிகிறது, அது மெய்யா என்பதை நீரே சொல்ல வேண்டும்’ என்பதே வீட்டுக்காரியின் ஏற்றத்துக்குப் பொருள். தமிழில் வினாவை ஆகார இறுதி தாங்குகிறது. ‘புறப்படுகிறீர்களா’ என்ற சொல்லை எப்படி உச்சரித்தாலும் வினாத்தன்மை அதைவிட்டு நீங்குவதில்லை. வினாவெழுத்துகளை எண்ணி வைத்த நன்னூலார்க்கு மெட்டைத் தேடிச் செல்லும் தேவை நேரவில்லை. ஆங்கிலக் கூற்று வினாவிலோ அந்தப் பாரம் முழுவதும் குரலின்மேல் விழுகிறது. தமிழ் மாணவர் பலர் ‘யூ ஆர் லீவிங்’ என்பதைத் தாழ்ந்த குரலில் முடித்துவிட்டு, தாம் வினவியதாக நம்பி விடைக்குக் காத்திருப்பதும், கேட்டவர் அதை அறிவிப்பாகவே கொண்டு வாளாவிருப்பதும் இதனால் நேர்வன.

கூற்றுக்குப் பின்னே ஒட்டி வரும் குறுவினாக்களில் இந்தப் பொறுப்பு மாற்றம் இன்னும் கூர்மையாகப் புலப்படுகிறது. அதே வீட்டுக்காரி ‘யூ ஆர் லீவிங், ஆர்ன்ட் யூ’ என்று ஒட்டையும் இறக்கிச் சொன்னால், அவருக்குச் சந்தேகமில்லை. அறையை வேறொருவருக்குப் பேசி முடித்தும் இருக்கலாம். எதிர்பார்ப்பது இசைவு ஒன்றே. ஒட்டை மட்டும் ஏற்றினால், முதலில் தாம் சொன்னதையே மறுபடி திறந்து வைக்கிறார். ‘இல்லை’ என்ற விடைக்கும் அங்கே இடமுண்டு. இவ்வேறுபாடு வெறும் பழக்கமன்று, காரணம் உடையது என்பதற்கு ஒரு சான்று சொல்வேன். இருவர் ஒருங்கே வெயிலில் நின்றுகொண்டு, ஒருவர் மற்றவரிடம் ‘இட்ஸ் எ லவ்லி டே, இஸின்ட் இட்’ என்று சொல்லும்போது குரல் இறங்கியே தீரும். அதை ஏற்றிச் சொன்னால் கேட்பவர் குழம்புவார். ஏனெனில் இருவர் கண்ணுக்கும் ஒருங்கே தெரியும் ஒன்றின் பொறுப்பை ஒருவர் மற்றவரிடம் ஒப்படைப்பதற்கு நியாயமில்லை. வெளியூரில் இருக்கும் நண்பரோடு தொலைபேசியில் பேசுபவர் அவ்வூர் வானிலையைப் பற்றி இதே வாக்கியத்தை ஏற்றிக் கேட்டால் அது முற்றிலும் பொருந்துகிறது. சொற்கள் மாறவில்லை, அறிவு யாரிடம் உள்ளது என்பது மாறியது, மெட்டும் உடன் மாறியது.

இறங்கிப் பின் ஏறும் மூன்றாவது மெட்டு ஒன்றும் உண்டு. ‘ஐ டோன்ட் சிங் ஃபார் எனிபடி’ என்று ஒரு பாடகி இறங்கும் மெட்டில் சொன்னால், அவர் யாருக்காகவும் பாடுவதில்லை. கருவில் இறங்கி உடனே ஏறினால், கண்டவர்க்கெல்லாம் பாடமாட்டார், தகுந்தவர்க்குப் பாடுவார். முதல் பொருள் மெய்யானால் இரண்டாவது பொய். மெட்டு இங்கே மனப்பான்மையைச் சாயமிடுவதோடு நில்லாமல், மறுப்பு எதுவரை செல்லும் என்பதையே நிர்ணயிக்கிறது. சொல்பவர் வாக்கியத்தை முடித்தும் பொருளில் ஒரு பகுதியைத் திறந்து விடுகிறார். எஞ்சியதைக் கேட்பவர் நிரப்ப வேண்டும். ஏற்றம் கேட்பவரை நோக்கிச் செல்வது என்ற கொள்கைக்கு இதுவும் இணங்கியே நிற்கிறது.

இக்கொள்கைக்கு உண்மையான தடை வேறிடத்திலிருந்து வருகிறது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தார் சாதாரணக் கூற்றுகளையே ஏறும் மெட்டில் முடிக்கின்றனர். அவர்கள் சந்தேகத்தில் இருப்பதாகவோ, பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகவோ சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கதை சொல்பவர்கள் ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் குரலை உயர்த்துவது உண்டு. இந்த இரண்டாவது வழக்கை, கேட்பவர் தொடர்ந்து வருகிறாரா என்று சரிபார்ப்பதாகக் கொண்டு கொள்கைக்குள் அடக்கலாம். பெல்ஃபாஸ்ட் வழக்கை அவ்வாறு அடக்க முயல்வது வலிந்து பொருள் கொள்வதாகும். அங்கே ஏற்றமே பொது நிலை. ஆதலால் அது எதையும் தனித்துச் சுட்டுவதில்லை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இங்கே கூறிய பொருள்கள் தென் இங்கிலாந்தின் வழக்குக்கும், அமெரிக்கரின் பொது வழக்குக்கும் உரியவை. அந்நகரத்தாரின் ஆங்கிலத்துக்குப் பொறுப்பின் இலக்கணத்தை எழுதப் புகுவோர், அவர்கள் எந்த மெட்டை எந்த மெட்டுக்கு எதிராக நிறுத்துகிறார்கள் என்பதை முதலிலிருந்தே செவிகொடுத்துத் தொடங்க வேண்டும்.