தோல் தொழில் வட்டாரத்தின் சேமிப்பும் நிகரப் பங்கு விகிதமும்

பங்குச்சந்தையின் ஆட்டத்துக்கு அஞ்சுபவரிடம் முகவர்கள் பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்டைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்துச் சேமிப்பாளருக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் வாதம்.

காரணம் அவருடைய சம்பளத்திலேயே இருக்கிறது. அணைக்கட்டுப் பக்கமிருந்து ஷூ கம்பெனிக்கு மேற்பார்வையாளராகப் போகிறவரின் வருமானம் வெளிநாட்டு ஆர்டரை நம்பியது. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஜனவரி உச்சத்திலிருந்து ஏறத்தாழ 38 சதவீதம் கீழே நின்றது. அடுத்த இரண்டே நாளில் நாடெங்கும் ஊரடங்கு. முதலீடு சரியும் நேரமும் அதில் கைவைக்க வேண்டிய நேரமும் இவருக்கு ஒன்றாகவே வந்துவிடுகின்றன.

அவர் கையில் கிராஜுவிட்டியாக 6 லட்சம் ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். 2017இல் செபி வகுத்தபடி கன்சர்வேட்டிவ் ஹைபிரிட் 10 முதல் 25 சதவீதமும், அக்ரெசிவ் ஹைபிரிட் 65 முதல் 80 சதவீதமும் பங்குகளில் வைக்கலாம். அதே 38 சதவீதச் சரிவில், 20 சதவீதம் பங்கு வைத்த முன்னதில் சுமார் 46 ஆயிரமும், 70 சதவீதம் வைத்த பின்னதில் 1.6 லட்சமும் குறையும். பேலன்ஸ்டு அட்வான்டேஜுக்கு எல்லையே இல்லை. அதன் ஃபாக்ட்ஷீட்டில் பங்கு 67 சதவீதம் என்றிருக்கும். அதில் ஒரு பகுதியை ஃபியூச்சர்ஸில் விற்று ஈடுகட்டியிருப்பார்கள். மிஞ்சும் நிகரப் பங்கு 45 சதவீதம் என்றால் இழப்பு 1 லட்சத்தைத் தாண்டும். சில ஃபண்டுகள் சந்தை விலை ஏற ஏறப் பங்கைக் குறைக்கும். வேறு சில ஏற்றத்தின் போக்கோடு கூட்டும். ஒரே பெயர், நேரெதிர் நடத்தை. பல மாத ஃபாக்ட்ஷீட்டுகளின் நிகர விகிதத்தை அடுக்கிப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும்.

மொத்தப் பங்கை 65 சதவீதத்துக்கு மேல் வைப்பதே பங்கு ஃபண்டுக்கான வரிச்சலுகைக்காகத்தான். கடன் ஃபண்டின் லாபத்துக்கோ, 2023 ஏப்ரல் முதல் வாங்கியதென்றால், வருமான அடுக்குப்படி வரி. ஆனால் புதிய வரிமுறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு. கடன் ஃபண்டு லாபமும் அதற்குள் அடங்கும். மேற்பார்வையாளர் சம்பளத்துக்கு அந்தச் சலுகையால் பெரிய பயன் இல்லை. விற்பவர் இதைச் சொல்வதில்லை!

கடன் ஃபண்டின் ஆபத்து வேறு வகை. ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் 2020 ஏப்ரல் 23 அன்று ஆறு கடன் திட்டங்களை மூடியது. பணம் பின்னர் தவணைகளில் திரும்பியது. முதல் தவணையே 2021 பிப்ரவரியில்தான். குறைந்த தரமதிப்பீட்டுப் பத்திரங்களில் கூடுதல் வட்டி தேடியதன் விலை அது. ஆகவே ஓராண்டுக் குடும்பச் செலவை வங்கி வைப்பிலும், அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குத் தேவையானதை அரசுப் பத்திரமும் ஏஏஏ பத்திரமும் நிறைந்த குறுகிய காலக் கடன் ஃபண்டிலும் வைத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் கன்சர்வேட்டிவ் ஹைபிரிட்டைப் பார்க்கலாம்.