கட்டக் கோணம்

கட்டக் கோணம் என்பது மாறுமின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் இடையே ஏற்படும் கால இடைவெளியைப் பாகையில் சொல்லும் அளவு. கட்டம் என்ற சொல்லுக்கு நிகரான ஆங்கிலச் சொல், ‘தோற்றம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; முதலில் நிலவின் பிறைகளைக் குறித்து, பிறகு அலையின் நிலைக்கு ஆகிவந்தது.

இந்தக் கோணத்தை அளக்கும் உடல் மின்எதிர்ப்புச் சோதனையில் கையிலும் காலிலும் மின்முனைகளை ஒட்டி, உணர முடியாத சிறு மின்னோட்டத்தைப் பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸில் செலுத்துவார்கள். உடல்நீர் மின்தடையைத் தருகிறது. கொழுப்பாலான செல்சவ்வு மின்தேக்கியாக நின்று மின்மறுப்பைத் தருகிறது. மின்மறுப்பை மின்தடையால் வகுத்தால் கிடைப்பது கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு. மின்தடை 500 ஓம், மின்மறுப்பு 50 ஓம் என்றால் கோணம் ஏறத்தாழ 5.7 பாகை, நலமான பெரியவர்களுக்கு 5 முதல் 7 வரை இருப்பது வழக்கம். அதே உடலில் நீர்கோத்து, 450, 30 என மாறினால் கோணம் 3.8 ஆகிவிடும்.

கட்டக் கோணத்தைச் செல்நலத்தின் அளவு என்று விற்பது மிகை. சவ்வின் சேதம், தசை இழப்பு, வீக்கம், முதுமை எல்லாமே கோணத்தைக் குறைக்கும். எது காரணம் என்று எண் சொல்லாது. வெயிலில் வேலை முடித்து வியர்த்து வந்தவரை உடனே அளந்தால் நீரிழப்பும் தோலின் சூடும் அளவைப் பிறழச் செய்யும். பத்து நிமிடமாவது படுக்கவைத்தே அளக்க வேண்டும். வெவ்வேறு கருவிகளின் எண்களை ஒப்பிடக் கூடாது.