மச்சான் முதல் போட்டால் பங்காளியா? வளரும் வியாபாரத்துக்கு எந்தப் பதிவு பொருத்தம்

எமது ஊர்களில் பெரும்பாலான வியாபாரங்கள் ஒரே மாதிரித்தான் ஆரம்பிக்கின்றன. ஒருவர் தனது பெயரில் பிரதேச செயலகத்தில் பீ.ஆர். எடுத்து கடையைத் திறக்கிறார். நாலைந்து வருடத்தில் கடை வளர்கிறது. மொத்த விற்பனைக்கு மாற ஸ்டொக் போதாது. அப்போது மச்சான் ஒரு தொகையைப் போடுகிறார், தாத்தா நகையை விற்று இன்னொரு தொகை தருகிறார். "இலாபத்தில் பார்த்துக்கொள்வோம்" என்பதோடு பேச்சு முடிகிறது. கடையின் பெயரும் மாறாது, பீ.ஆரும் மாறாது.

சிறு வியாபாரிகளின் கணக்குகளையும் வரிக் கோவைகளையும் பார்ப்பது எனது தொழில். இந்தக் கட்டத்தில் வருகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது, "கம்பனி ஒன்று போட்டால் வரி குறையுமா?" என்பதைத்தான். வெளியிலிருந்து வந்த முதல் எந்த நிலையில் இருக்கிறது என்பதையே அவர்கள் முதலில் கேட்க வேண்டும் என்பது எனது கருத்து. ஒரு உதாரணத்தை வைத்து விளக்குகிறேன்.

ஒரு மொத்த பலசரக்குக் கடை. உரிமையாளரின் முதல் 40 இலட்சம். மச்சான் போட்டது 25 இலட்சம். தாத்தா இலாபப் பங்குக்காகக் கொடுத்தது 10 இலட்சம். சப்ளையர்களுக்குக் கடனாகக் கொடுக்கவேண்டியது 60 இலட்சம். பீ.ஆரில் இருப்பது உரிமையாளரின் பெயர் மட்டும். எழுத்தில் எதுவும் இல்லை.

வாய்ப்பேச்சுப் பங்குடைமை

இலங்கையில் பங்குடைமைக்கென்று தனியான உள்நாட்டுச் சட்டம் இல்லை. 1852ஆம் ஆண்டின் சிவில் சட்டக் கட்டளைச் சட்டத்தின் வழியாக, இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டு பங்குடைமைச் சட்டமே இங்கு செல்லுபடியாகிறது. அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. முதல் ஆயிரம் ரூபாவை மிஞ்சினால், பங்குடைமை உடன்படிக்கை எழுத்தில் இருந்து, கையெழுத்திடப்பட்டிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இன்று ஆயிரம் ரூபாவுக்குக் குறைந்த முதலில் எந்தக் கடையும் இல்லை. ஆகவே நடைமுறையில் எல்லாப் பங்குடைமைக்கும் எழுத்து வேண்டும்.

நாளை உரிமையாளரும் மச்சானும் பிரிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மச்சான் நீதிமன்றம் போய், "நான் பங்காளி, கடையின் பெறுமதியில் எனக்குப் பங்கு தாருங்கள்" என்று கேட்டால், காட்டுவதற்கு உடன்படிக்கை இல்லை. போட்ட காசைக் கேட்கலாம். ஆனால் வளர்ந்த கடையில் பங்கு கேட்பது மிகக் கடினம்.

அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. எழுத்து இல்லாவிட்டாலும், வெளியார் ஒருவர் சூழ்நிலைச் சாட்சியங்களைக் கொண்டு பங்குடைமை இருந்ததென்று நிரூபித்து, பங்காளிகள் மீது வழக்குத் தொடர முடியும். சப்ளையர் தனது 60 இலட்சத்துக்காக மச்சானையும் சேர்த்து இழுக்கலாம். மச்சான் கடையில் நின்று ஓடர் கொடுத்திருந்தால், கணக்குத் தீர்த்திருந்தால், அவையெல்லாம் சாட்சியமாகும். கடைக்குள் வராத தாத்தாவும் முழுப் பாதுகாப்பில் இல்லை. 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி, இலாபத்தில் பங்கு பெறுவது, மாறாக எதுவும் காட்டப்படாதவரை, பங்காளி என்பதற்கு ஓர் ஆரம்ப ஆதாரம்.

அதாவது, எழுதாமல் முதல் போட்டவர் உரிமை கேட்கும்போது பங்காளி இல்லை என்றாகலாம், கடன் கட்டும்போது பங்காளி என்றாகலாம். பங்காளியானால் பொறுப்பு போட்ட 25 இலட்சத்தோடு நிற்காது. வீடு, வளவு வரை போகும்.

எழுதினால் என்ன எழுதுவது

பீ.ஆரில் இருவர் பெயரையும் போட்டாயிற்று, அது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு, இந்தப் பெயரின் பின்னால் இன்னார் இருக்கிறார்கள் என்று வெளியாருக்கு அறிவிக்கும் ஏற்பாடு. யார் எவ்வளவு போட்டார், இலாபம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் வராது.

உடன்படிக்கை ஒரு விடயத்தில் மௌனமாக இருந்தால், 1890ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடத்தை நிரப்பும். இலாபப் பங்கு எழுதப்படாவிட்டால் சரிபாதி. 40 இலட்சம் போட்டவருக்கும் பாதி, 25 இலட்சம் போட்டவருக்கும் பாதி. நட்டமும் அப்படியே. இரண்டாவது, ஒரு பங்காளி மௌத்தானால், வேறு ஏற்பாடு எழுதப்படாதவரை பங்குடைமை அந்தக் கணமே கலைந்துவிடும்.

இந்த இரண்டாவது விடயம் எமக்கு இன்னும் முக்கியம். மரண சாசனம் இல்லாமல் மௌத்தாகும் முஸ்லிம் ஒருவரின் சொத்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அவரது மத்ஹபின் வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் பிரியும். மச்சானின் பங்கின் பெறுமதி அன்று 48 இலட்சம் என்றும், அவருக்கு மனைவியும் இரண்டு ஆண் மக்களும் ஒரு பெண் மகளும் என்றும், பெற்றோர் உயிருடன் இல்லை என்றும் கொள்வோம். அவருக்குக் கடன் எதுவும் இல்லையென்றால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 6 இலட்சம். மீதி 42 இலட்சத்தில் மகன்மாருக்கு 16.8 இலட்சம் வீதம், மகளுக்கு 8.4 இலட்சம்.

கணக்கு இலேசு. 48 இலட்சம் எங்கே இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. அது அரிசி மூட்டையிலும் சீனியிலும் கடைகளுக்குக் கொடுத்த கடனிலும் இருக்கிறது. வாரிசுகள் உடனே கேட்டால் ஸ்டொக்கை வந்த விலைக்கு விற்க வேண்டிவரும். ஆகவே உடன்படிக்கையில் மூன்று வாசகங்களாவது இருக்கட்டும். மற்றப் பங்காளி வியாபாரத்தைத் தொடரலாம். மௌத்தான தினத்தின் பெறுமதியை ஒரு கணக்காளர் கணிப்பார். அந்தத் தொகை குறித்த மாதங்களில், உதாரணமாக 24 மாதங்களில், தவணையாக வாரிசுகளுக்குச் செலுத்தப்படும். காணியோ கட்டடமோ முதலாக வந்தால் இந்தக் கடதாசி போதாது, நொத்தாரிசு முன் உறுதி எழுத வேண்டும்.

தாத்தாவின் 10 இலட்சத்துக்குத் தனிக் கடதாசி வேண்டும். அவர் முதலீட்டாளர் மட்டுமே, நிர்வாகத்தில் இல்லை, கடையின் பெயரில் எவருக்கும் வாக்குக் கொடுக்க அதிகாரம் இல்லை என்று அதில் தெளிவாக இருக்கட்டும். இது அவரது நிலையைப் பலப்படுத்தும். முழு மதில் வேண்டுமென்றால் அது கம்பனியில்தான் கிடைக்கும்.

கம்பனி தருவதும் கேட்பதும்

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க கம்பனிகள் சட்டப்படி, ஒரே ஒருவர் பங்குதாரராகவும் பணிப்பாளராகவும் இருந்துகூட தனியார் கம்பனி ஒன்றை ஆரம்பிக்கலாம். உச்சமாக 50 பங்குதாரர்கள். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையவழியில் பெயரை அனுமதிக்கவைத்து, படிவம் 1, பணிப்பாளரின் சம்மதமான படிவம் 18, செயலாளரின் சம்மதமான படிவம் 19, அமைப்பு விதிகள் ஆகியவற்றைச் சமர்ப்பிக்க வேண்டும்.

எமது உதாரணத்தில் 75 இலட்சத்தை 75,000 பங்குகளாக்கினால், உரிமையாளருக்கு 40,000, மச்சானுக்கு 25,000, தாத்தாவுக்கு 10,000. கம்பனி நொடித்தால் மச்சானும் தாத்தாவும் இழப்பது போட்டதை மட்டும். ஒருவர் மௌத்தானால் பங்குகள் வாரிசுகளுக்குப் போகும், கடை அடுத்த நாளும் திறக்கும். பங்கை வெளியாருக்கு விற்குமுன் மற்றப் பங்குதாரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதை அமைப்பு விதிகளில் மறக்காமல் எழுதுங்கள்.

ஆனால் வங்கியில் கடன் எடுக்கும்போது பணிப்பாளர்களிடம் தனிப்பட்ட பிணைக் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்து வைத்தவருக்கு அந்தக் கடனளவில் வரையறுக்கப்பட்ட பொறுப்பு இல்லை. ஆகவே கடையை நடத்தாதவர் அதில் கையெழுத்து வைக்கக் கூடாது.

இனி வரி. 2025/2026 மதிப்பீட்டாண்டில் தனிநபருக்கு முதல் 18 இலட்சம் விடுவிப்பு. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்தடுத்த 5 இலட்சங்களுக்கு 18, 24, 30 வீதம், மீதிக்கு 36 வீதம். கம்பனிக்குப் பொதுவாக 30 வீதம், விடுவிப்பு இல்லை. பங்கிலாபம் எடுத்தால் அதில் மேலும் 15 வீதம்.

வருட இலாபம் 30 இலட்சம் என்றால், வேறு வருமானமில்லாத தனி உரிமையாளருக்கு வரி 96,000 ரூபா. அதே கடை கம்பனியாகி, உரிமையாளர் மாதம் 150,000 சம்பளம் எடுத்தால், மீதி 12 இலட்சத்துக்குக் கம்பனி 360,000 ரூபா கட்டும். இலாபம் ஒரு கோடி 20 இலட்சம் என்றால் தனி உரிமையாளருக்கு 31 இலட்சத்து 92 ஆயிரம். கம்பனிக்கு, அதே சம்பளத்தோடு, 30 இலட்சத்து 60 ஆயிரம். அதுவும் மீதியைக் கம்பனிக்குள்ளேயே விட்டால்தான். முழுவதையும் பங்கிலாபமாக எடுத்தால் இன்னும் 10 இலட்சத்துக்கு மேல் போகும். ஆகவே வரிக்காகக் கம்பனி போடுவது இந்த அளவு வியாபாரத்துக்குப் பொருந்தாத காரணம். வற் பதிவும் ஊழியர்களின் ஈ.பி.எப்., ஈ.டி.எப். கடமையும் மூன்று வடிவங்களிலும் உண்டு.

கம்பனிக்குச் செயலாளர், கணக்காய்வாளர், வருடாந்த அறிக்கை என்று ஒவ்வொரு வருடமும் செலவு இருக்கிறது. பழைய கடை தானாகக் கம்பனியாக மாறாது. கம்பனி சட்டத்தின் கண்ணில் புதியதொரு ஆள். வரி இலக்கம், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், லொறியின் பதிவு, ஸ்டொக் எல்லாவற்றையும் அதன் பெயருக்கு முறையாக மாற்ற வேண்டும். கம்பனி போட்டு ஒரு வருடமாகியும் விற்பனைக் காசு உரிமையாளரின் சொந்தக் கணக்கில் விழுகிறது, வீட்டுச் செலவு கல்லாவிலிருந்து போகிறது, சப்ளையரின் பில் பழைய பெயரில் வருகிறது என்றால், அங்கே கம்பனி கடதாசியில் மட்டும்தான் இருக்கிறது. பழைய பெயரில் எடுத்த சரக்குக்கு உரிமையாளரே தனிப்பட்ட பொறுப்பு.

எனது தெரிவு

முழு முதலும் உங்களுடையது, கடனும் கைக்கு அடங்கியது என்றால் தனி உரிமையிலேயே இருங்கள். ஆனால் உங்களுக்கு ஏதும் நடந்தால் வங்கிக் கணக்கு முடங்கும் என்பதால், வரவேண்டிய, கொடுக்கவேண்டிய கணக்கை வீட்டில் ஒருவர் அறிந்திருக்கட்டும்.

இருவர் முதல் போட்டு, இருவருமே கடையில் நின்று உழைத்து, கடனும் அளவோடு இருந்தால் எழுத்திலான பங்குடைமை போதும்.

கடையில் நிற்காத ஒருவரின் காசு உள்ளே வந்துவிட்டதென்றால், அல்லது சப்ளையர் கடன் போட்ட முதலை நெருங்குகிறதென்றால், கம்பனிக்குப் போங்கள். எமது உதாரணத்தில் இரண்டும் இருக்கின்றன. அந்தக் கடைக்கு கம்பனிதான் சரி. அது பதிவாகி முடியும்வரையாவது, மச்சானோடும் தாத்தாவோடும் ஆளுக்கொரு கடதாசியில் இந்த வாரமே கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.