நலமான பக்கத்துத் துளை: கண்குழித் தள மாதிரிகளில் வரம்பெண் தேர்வு பற்றிய ஒரு மறுப்பு

கண்குழித் தளம் உடைந்தவருக்குப் பொருத்தவிருக்கும் டைட்டானியம் வலையை அறுவைக்கு முன்பே வளைத்துவைக்க, உடையாத பக்கத்தின் சி.டி. உருவை இடவலம் திருப்பி அச்சிட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அப்படி வரும் மாதிரியில் தளத்தின் நடுவிலும் பின்புறத்திலும் பொத்தல்கள் இருப்பதை இத்துறையினர் அனைவரும் பார்த்திருக்கிறோம். முந்தைய ஆய்வுகள் இதற்குத் தரும் விளக்கம் ஏறத்தாழ ஒன்றே: எலும்பு மெல்லியது, அதனால் அதன் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் தாழ்ந்துவிட்டது, வரம்பெண்ணைச் சற்று இறக்கினால் பொத்தல் மூடும், எஞ்சியதை மென்மையாக்கல் சரிசெய்யும். இதில் முன்பாதியோடு எனக்குப் பிணக்கில்லை. எண் எவ்வளவு தாழ்கிறது, எதனால் தாழ்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் பின்பாதி நிற்பதில்லை.

தளத்தின் தடிமன் 0.3 மி.மீ., அதன் எலும்பின் எண் 1200 என்று கொள்வோம். மேலே கண்குழிக் கொழுப்பு (−100), கீழே மேல்தாடைச் சைனஸின் காற்று (−1000). வெட்டுப்படத்தின் தடிமன் 1 மி.மீ.; தளம் வெட்டுத் தளத்துக்கு ஏறத்தாழ இணையாகக் கிடக்கிறது. எலும்பு வெட்டின் சரிநடுவில் அமைந்தால், அந்த வாக்ஸலில் பத்தில் மூன்று பங்கு எலும்பு. மீதி கொழுப்பும் காற்றும் சரிபாதி. கூட்டினால் 360 − 35 − 350, அதாவது −25. எலும்பு இருக்கும் இடத்தில் நீரைவிடத் தாழ்ந்த எண் பதிவாகிறது. எண்ணைச் சரித்தது எலும்பின் மென்மை மட்டுமன்று, அடியில் இருக்கும் காற்று.

இதே கணக்கை உடைந்த பக்கத்தில் போட்டால் விளைவு தலைகீழாகிறது. அங்கே சைனஸில் இரத்தம் தேங்கியிருப்பது வழக்கம். அதன் எண் சுமார் 50. முறிவுக்கு அருகே இடம்பெயராமல் எஞ்சிய தளத்துக்கு 360 − 35 + 17.5, அதாவது ஏறத்தாழ 342 கிடைக்கிறது. எலும்புக்கென்று பரவலாக வைக்கப்படும் 226 என்ற வரம்பெண்ணை அது எளிதாகத் தாண்டிவிடும். ஆக, ஒரே தடிமனுள்ள எலும்பு அடிபட்ட பக்கத்தில் முழுமையாகவும், நலமான பக்கத்தில் பொத்தலாகவும் அச்சாகிறது. நலமான பக்கத்தை அளவுகோலாக வைத்து வலையை வளைக்கும் நமக்கு இதைவிடச் சங்கடமான நிலை இல்லை. எந்தப் பக்கத்தில் சைனஸ் காற்றோடு இருந்தது என்று சொல்லாமல் பொத்தல்களின் பரப்பை மட்டும் ஒப்பிட்டுச் சொல்லப்பட்ட முடிவுகளை இனி அப்படியே ஏற்பது கடினம்.

வரம்பெண்ணை இறக்கினால் என்ன ஆகும்? எலும்பு வெட்டின் நடுவில்தான் விழும் என்பதில்லை. வெட்டின் அடிவிளிம்பை ஒட்டி விழுந்தால் அந்த வாக்ஸலில் காற்றே இராது. எண் 290 வரை ஏறும். தளம் சாய்ந்து செல்வதால் எலும்பு ஒவ்வொரு வெட்டையும் ஏதோ ஓரிடத்தில் இப்படித் தொட்டுக் கடக்கிறது. மேற்கண்ட எண்களையே வைத்துக்கொண்டால், 1 மி.மீ. உயர வேறுபாட்டில் சுமார் 0.12 மி.மீ. அளவுக்குத்தான் எலும்பு 226-ஐத் தாண்டுகிறது. வரம்பெண்ணை 100-க்கு இறக்கினால் இது 0.36 ஆகிறது, 0-வுக்கே இறக்கினாலும் பாதியைச் சற்றுத்தான் தாண்டும். அதற்குள் கண்ணசைவுத் தசைகள் (சுமார் 50) முழுவதும் எலும்பாகப் பிடிபட்டிருக்கும். கண்குழியின் தடித்த விளிம்பும் வெளிப்புறமாக வீங்கியிருக்கும். தளத்தையும் விளிம்பையும் ஒருசேரச் சரியாகக் காட்டும் ஒற்றை வரம்பெண் கிடைக்காமல் போவது தேடியவரின் திறமைக் குறைவால் அன்று. இத்தகைய வெட்டுகளில் அப்படி ஓர் எண் இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து பயனுள்ள ஓர் அடையாளமும் கிடைக்கிறது. பொய்ப் பொத்தல்கள் தளத்தின் சரிவுக்குக் குறுக்கே, வெட்டுகளுக்கு இணையான பட்டைகளாக அடுக்கடுக்காக வரும். இடையிடையே மெல்லிய எலும்புக் கீற்றுகள் நிற்கும். உண்மையான எலும்பிடைவெளிக்கு வெட்டுகளின் திசை தெரியாது. அதே படங்களைச் சாய்தளத்தில் மறுவடிவம் செய்வது இதற்குச் சோதனை ஆகாது, மூல வெட்டின் தடிமன் மாறுவதில்லை.

மென்மையாக்கலைப் பற்றி நம்மிடையே நிலவும் நம்பிக்கை இன்னும் ஆதாரமற்றது. வாக்ஸல் நிலையில் 3×3×3 மீடியன் வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரே வாக்ஸல் தடிமனுள்ள தட்டையான எலும்புத் தகட்டின் நடுவில் அது நிற்கும்போது 27 வாக்ஸல்களில் 9 மட்டுமே எலும்பு. பெரும்பான்மை இல்லாததால் தகடு அழிகிறது. வரம்பெண் தப்பவிட்ட கீற்றுகளைத்தான் இந்தப் படி முதலில் துடைத்தெறிகிறது. முக்கோண வலைப்பரப்பில் லாப்லாசியன் முறை தகட்டின் நடுவை விட்டுவைத்தாலும் பொத்தலின் ஓரத்தைப் பின்வாங்கச் செய்கிறது. ஓரத்தின் வளைவை அங்கே தீர்மானிப்பது பெரும்பாலும் தகட்டின் தடிமன்; தகடு மெலிய மெலிய ஓரம் கூர்மையாகும், கூர்மையானது விரைவாகத் தேயும். டாபின் 1995-இல் முன்வைத்த முறை ஒரு சுருக்கலுக்கு ஒரு விரிப்பு என மாறிமாறிச் செய்து கன அளவு சுருங்குவதைப் பெருமளவு தடுக்கிறது. அதை நானும் பரிந்துரைக்கிறேன், ஆனால் படிக்கட்டுத் தடங்களை நீக்குவதற்கு மட்டும். இல்லாத எலும்பை எந்த மென்மையாக்கலும் கொண்டுவராது.

என் கணக்கில் வெட்டின் உணர்திறன் பெட்டி வடிவில் எளிமைப்படுத்தப்பட்டுள்ளது. உண்மையில் அது ஓரங்களில் சரிவானது. சைனஸின் சளிச்சவ்வையும் சேர்க்கவில்லை. 0.2 மி.மீ. சவ்வைச் சேர்த்தால் −25 என்பது சுமார் 183 ஆக உயரும், அப்போதும் 226-ஐ எட்டாது. சவ்வு தடித்திருந்தால் தளம் தெரியத் தொடங்கும் என்பதும் உண்மை. அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. கூர்மையான எலும்புக் கெர்னலில் மறுஉருவாக்கினால் போதும் என்பார்கள். கெர்னல் கூர்மையாக்குவது வெட்டின் தளத்துக்குள். நமது சிக்கலோ வெட்டின் தடிமன் வழியே இருக்கிறது. துளை பொய் என்பது அறுவை மருத்துவருக்குத் தெரியும் என்ற மறுப்பை நீட்டிப் பேச வேண்டியதில்லை: வலையை வளைக்கும் கைக்கு அந்தத் துளையின் மேல் ஆதாரம் கிடைப்பதில்லை.

மாற்று வழி எளியது. எலும்பு தெரியாத இடத்திலும் கொழுப்புக்கும் காற்றுக்கும் இடையிலான எல்லை தெளிவாகவே தெரிகிறது. −100-க்கும் −1000-க்கும் நடுவான −550 அதைப் பிடிக்கும். விளிம்புக்கும் தடித்த சுவர்களுக்கும் வழக்கமான வரம்பெண்ணை வைத்துக்கொண்டு, தளத்தை மட்டும் சைனஸ் காற்றின் மேற்பரப்பிலிருந்து தனிக்கூறாக உருவாக்கலாம். அச்சில் உடையாமலிருக்க 1 மி.மீ. அளவுக்குத் தடிமன் கொடுக்கும்போது அதைச் சைனஸ் பக்கமாகக் கீழ்நோக்கியே கொடுக்க வேண்டும், ஏனெனில் வலை அமர்வது மேற்பரப்பில். எலும்பும் சவ்வும் சேர்ந்த தடிமன் அளவுக்குக் காற்றின் மேற்பரப்பு அதைவிடத் தாழ்ந்திருக்கும். நலமான சைனஸில் அது 1 மி.மீ.-க்குள் அடங்கும் என்று எதிர்பார்க்கலாம். பொத்தலின் மேல் வலையைக் கண்ணளவில் வளைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இதைவிடச் சிறந்தது வெட்டையே மெலிதாக்குவது. 0.5 மி.மீ. வெட்டில் அதே எலும்பு நடுவில் விழுந்தால் எண் 500; இரு வெட்டுகளில் சரிபாதியாகப் பிரிந்தாலும் மேல் வெட்டில் 290 நிற்கும். 3 மி.மீ. வெட்டில் அது −375, அதன்மேல் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மெல்லிய வெட்டுகளை மறுஉருவாக்கத் தேவையான மூலத் தரவு பெரும்பாலான சி.டி. கருவிகளில் சில நாட்களுக்கு மேல் தங்குவதில்லை, புதிய நோயாளிகளின் தரவு அதன்மேல் எழுதப்பட்டுவிடுகிறது. மாதிரி தேவைப்படுமா என்று அறுவைத் தேதி குறித்த பின் யோசிப்பவரிடம் பெரும்பாலும் தடித்த வெட்டுகளே எஞ்சியிருக்கும்.