நாதிமஞ்ஞேத: மெத்தசுத்தம் யாரிடம் என்ன கேட்கிறது



சமணர்மலை அடிவாரத்தில் நின்றுகொண்டு ஒரு பௌத்த நூலைப் பற்றிப் பேசுகிறோம். இந்த மலை சமணருடையது, பௌத்தருடையது அல்ல. செட்டிப்புடவில் அமர்ந்திருப்பவர் தீர்த்தங்கரர். பேச்சிப்பள்ளத்து வரிசையும் அதன் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் சமணப் பள்ளியின் சான்றுகள். காதைத் தொடும் தலைமுடியோ தியானக் கோலமோ இருந்தாலே புத்தர் என்று சொல்லிவிடும் பழக்கம் நம் மேடைகளில் உண்டு. அது நமக்கு எந்த வலிமையும் சேர்க்காது. ஆனால் இந்த மலைக்கும் நாம் பேசப்போகும் நூலுக்கும் உண்மையான உறவு ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறோம்.

நூலின் பெயர் மெத்தசுத்தம். 'கரணீய' என்ற சொல்லில் தொடங்குவதால் கரணீயமெத்தசுத்தம் என்றும் சொல்வார்கள். பத்தே பாட்டுகள். பாலித் திரிபிடகத்தில் இது இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று சுத்தநிபாதத்தின் முதல் பகுதியான உரகவக்கத்தில், எட்டாவது சுத்தமாக. இன்னொன்று குத்தகபாடத்தில், ஒன்பதில் கடைசியாக. குத்தகபாடம் புதிதாகத் துறவு பூண்டவர் மனப்பாடம் செய்ய வைத்த சிறு கைநூல் போன்றது. இலங்கையில் இன்றும் பிரித் ஓதும்போது மங்கலம், இரதனம், மெத்தம் என்ற மூன்று சுத்தங்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அன்பைப் பயில்வதால் வரும் பதினொரு நன்மைகளைப் பட்டியலிடும் சுத்தம் அங்குத்தர நிகாயத்தில் உள்ளது; அது வேறு. நன்மைப் பட்டியல் வந்தால் அது அங்குத்தரம், தாயும் ஒரே பிள்ளையும் வந்தால் இது என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

எட்டாவது என்றோம். ஏழாவது எது? வசலசுத்தம். இந்த அடுத்தடுத்த இருப்பை நாம் கவனிக்காமலே கடந்துவந்திருக்கிறோம். சாவத்தியில் வேள்வித் தீ வளர்த்துக்கொண்டிருந்த அக்கிக பாரத்வாஜன் என்ற பிராமணன், பிச்சைக்கு வந்த புத்தரைத் தூரத்திலேயே நிறுத்துகிறான். மொட்டைத் தலையனே, வசலனே, அங்கேயே நில் என்கிறான். வசலன் என்றால் இழிந்தவன், தீண்டத்தகாதவன். வசலன் யார் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டு, செயலால்தான் ஒருவன் வசலனாகிறான், பிறப்பால் அல்ல என்று புத்தர் விளக்குகிறார். சண்டாளர் மகனான மாதங்கனை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். சத்திரியரும் பிராமணரும் அவனைத் தேடி வந்து பணி செய்தார்கள் என்கிறார். இந்த உரையாடல் முடிந்த அடுத்த பக்கத்தில் மெத்தசுத்தம் தொடங்குகிறது. தொகுத்தவர்கள் திட்டமிட்டு இப்படி வைத்தார்கள் என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால் ஓதுகிறவர் நாவில் ஒன்றையடுத்து ஒன்று வந்துகொண்டே இருந்திருக்கிறது. அன்பைப் பற்றிய பாட்டை மட்டும் கிழித்தெடுத்து வாழ்த்து அட்டையில் அச்சடிப்பவர்கள் முந்திய பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

இனி இந்தப் பாட்டுகள் எந்தச் சூழலில் சொல்லப்பட்டன என்று உரை சொல்லும் கதை. பரமத்தஜோதிகா என்ற பாலி உரையில் அது இருக்கிறது. ஐந்நூறு பிக்குகள் மழைக்காலம் தங்க இமயச் சாரலில் ஒரு காட்டுக்குப் போகிறார்கள். மரங்களில் தேவதைகள் குடியிருக்கிறார்கள். ஒழுக்கமுள்ள துறவிகள் கீழே இருக்கும்போது தாங்கள் மேலே இருக்கக் கூடாது என்று, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மரத்தைவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இவர்கள் எப்போது போவார்கள் என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இந்த இடத்தில் உரையாசிரியர் ஓர் உவமை சொல்கிறார்: அரசனோ அவன் அதிகாரியோ ஊருக்கு வந்து வீடுகளைப் பிடித்துக்கொண்டால், வீட்டுக்காரர்கள் வெளியேறி எங்கோ ஒதுங்கி, எப்போது கிளம்புவார்கள் என்று தூரத்திலிருந்து பார்ப்பார்களே, அப்படி. பிக்குகள் மழைக்காலம் முழுதும் தங்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தேவதைகள் கோர உருவம் காட்டுகிறார்கள், நாற்றத்தைக் கிளப்புகிறார்கள். பிக்குகள் நோயுற்று, மனம் குலைந்து, புத்தரிடமே திரும்பி வருகிறார்கள். அவர் அதே காட்டுக்கு அவர்களைத் திருப்பி அனுப்புகிறார், இந்தச் சுத்தத்தைக் கற்பித்து.

பேய் விரட்டிய கதையாகத்தான் இது பொதுவாகச் சொல்லப்படுகிறது. நாம் அந்த உவமையை முன்னால் வைத்துப் படிக்கிறோம். வீட்டை இழந்தவர்கள் தேவதைகள். உள்ளே நுழைந்தவர்கள் பிக்குகள், அவர்களுடைய எண்ணம் எவ்வளவு தூயதாக இருந்தாலும். மெத்தா பயிலும்படி கட்டளை நுழைந்தவர்களுக்கே வருகிறது. ஒதுங்கி நின்றவர்களிடம், பொறுத்துக்கொள்ளுங்கள், அன்பு செய்யுங்கள் என்று யாரும் பாடம் நடத்தவில்லை. பிக்குகள் மனம் மாறி வந்த பிறகு அவர்களாகவே பணிவிடை செய்தார்கள் என்று கதை முடிகிறது. சேரிக்கு வந்து அமைதியைப் போதிப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

பாட்டுகளுக்குள் போவோம். முதல் இரண்டரைப் பாட்டுகளில் அன்பு என்ற பேச்சே இல்லை. அமைதி நிலையை நாடுகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியல்தான்: திறமையும் நேர்மையும் வேண்டும், மென்மை வேண்டும், செருக்கு கூடாது, உள்ளதில் நிறைவு வேண்டும். இவற்றில் மூன்று சொற்கள் இயக்கத்தில் இருப்பவர்களுக்கு உறைக்கும். ஒன்று 'சுவசோ'. எளிதாக எடுத்துச் சொல்லக்கூடியவர், குறை சொன்னால் காது கொடுப்பவர். இரண்டாவது 'சுபரோ'. பிறர் வைத்துப் பராமரிக்க எளிதானவர். வந்து தங்கினால் வீட்டுக்குப் பாரமாகாதவர். மூன்றாவது, உணவிடும் குடும்பங்கள்மேல் ஆசைப்பட்டு ஒட்டிக்கொள்ளாதவர். நம் பொறுப்பாளர்கள் எத்தனை பேருக்கு இந்த மூன்றும் பொருந்தும் என்று மாணவர்கள் கேட்கட்டும். இதை முடித்த பிறகுதான் எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்ற விருப்பம் வருகிறது. வரிசை முக்கியம்.

பிறகு அந்த 'எல்லா' என்பதைச் சுத்தம் பிரித்துக் காட்டுகிறது. நீண்டவை, பருத்தவை, நடுத்தரமானவை, குட்டையானவை. கண்ணுக்குத் தெரிபவை, தெரியாதவை. அருகில் இருப்பவை, தொலைவில் இருப்பவை. பிறந்தவை, பிறக்கக் காத்திருப்பவை. இந்த வரிசையின் தலைப்பில் 'தசா', 'தாவரா' என்று ஓர் இணை நிற்கிறது. இங்கேதான் சமணர்மலை வருகிறது. அசையும் உயிர், அசையா உயிர் என்ற பாகுபாடு சமணத்தின் அடிப்படை. திரசம், ஸ்தாவரம் என்று அவர்கள் சொல்வது இதே சொற்கள்தாம். நாம் செடிகொடிக்குச் சொல்லும் தாவரமும் இதே சொல். பாலி உரையோ, தசா என்றால் வேட்கையால் அஞ்சி நடுங்குபவர், தாவரா என்றால் வேட்கை நீங்கி நிலைபெற்ற அருகதர் என்று பொருள் சொல்கிறது. அச்சம் உள்ளவர், அச்சம் அற்றவர். பாட்டின் யாப்பும் பழைய ஆரியா என்ற அரிய வகை; சமண ஆகமங்களின் பழைய அடுக்கிலும் அது காணப்படுகிறது. இந்த மலையில் குகைப் படுக்கையில் கிடந்த துறவியும் காட்டில் ஓதிய பிக்குவும் உயிர்களை எண்ணத் தொடங்கியபோது ஒரே சொல்லிலிருந்து தொடங்கினார்கள் என்பது எங்களுக்கு எந்தச் சிலையையும் புத்தராக்குவதைவிட மதிப்புள்ள செய்தி.

ஆறாவது பாட்டுதான் எங்கள் உரைக்குத் தலைப்புத் தந்தது. ஒருவர் இன்னொருவரை வஞ்சிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 'நாதிமஞ்ஞேத' என்கிறது: இழிவாக எண்ண வேண்டாம். எங்கும், எவரையும். ஏமாற்றுவதற்கும் துன்பம் தருவதற்கும் நடுவில், வெறும் எண்ணமான இழிவுபடுத்தல் தனிக் குற்றமாக நிற்கிறது. 'எங்கும்' என்பதற்கு உரை விரிவு தருகிறது: ஊரிலோ, வயலிலோ, உறவினர் நடுவிலோ, கூட்டத்தின் நடுவிலோ. 'எவரையும்' என்பதற்கு: சத்திரியரோ, பிராமணரோ, இல்லறத்தாரோ, துறவியோ, நல்ல நிலையில் இருப்பவரோ, கெட்ட நிலையில் இருப்பவரோ. உரையாசிரியர் மேலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார். சண்டாளர் பெயர் அவர் பட்டியலில் வாய்விட்டுச் சொல்லப்படவில்லை. மூலத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை. 'உறவினர் நடுவில்' என்ற சொல்லை நாம் தாண்டிப்போகக் கூடாது. நமக்குள் ஒரு சாதி இன்னொரு சாதியை, குறிப்பாக அருந்ததியரை, எப்படிப் பேசுகிறது என்பது நமக்குத் தெரியும். அது சுத்தம் சொல்லும் அதே அதிமானம்.

அடுத்து தாய். தன் ஒரே பிள்ளையைத் தாய் உயிரைக் கொடுத்தும் காப்பதுபோல என்று உவமை. இதை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். எல்லோரையும் உன் பிள்ளைபோல நேசி என்பது ஒன்று. தாய் பிள்ளையைக் காப்பதுபோல நீ உன் அளவற்ற மனத்தைக் காத்து வளர்த்துக்கொள் என்பது மற்றொன்று. பாட்டில் தாய் செய்யும் வேலை காத்தல். மனத்துக்குச் சொல்லப்படும் வினை வளர்த்தல். எங்களுக்கு இரண்டாவது வாசிப்பே பொருத்தமாகப் படுகிறது.

இந்த வேறுபாடு மதுரைச் சமவெளியில் வெறும் இலக்கணப் பிரச்சினை அல்ல. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனித்தொகுதியில் தேர்தலில் நின்று வென்றதே அவர் குற்றம். 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2019-இல் அவர்களில் 13 பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். அந்தத் தாய்மாரிடம் போய், கொன்றவர்களைப் பிள்ளைபோல நேசியுங்கள் என்று முதல் வாசிப்பைக் கொண்டு சொல்ல முடியும். சொல்லவும் செய்வார்கள். சுத்தம் அதைக் கேட்கவில்லை. கோபத்தாலோ பகை எண்ணத்தாலோ ஒருவர் மற்றவருக்குத் துன்பத்தை விரும்ப வேண்டாம் என்பதே அது வைக்கும் எல்லை. வழக்குத் தொடுப்பது, சாட்சி சொல்வது, விடுவிப்பை எதிர்த்து நீதிமன்றப் படி ஏறுவது எதையும் அது தடுக்கவில்லை. அவை இன்னொருவர் துன்பத்தை விரும்பிச் செய்பவையும் அல்ல. இன்னொரு முருகேசன் வெட்டப்படாமல் காப்பதற்காகச் செய்பவை. அதே சமயம், பழிக்குப் பழியாக எதிர்த்தெருவில் யாரோ ஒருவர் வீழ வேண்டும் என்று நம் இளைஞர்கள் பேசும்போது சுத்தம் அவர்களையும் நிறுத்துகிறது. அதை நாம் மழுப்ப விரும்பவில்லை.

தமிழில் இதற்குப் பழைய தடம் உண்டு. மணிமேகலையின் முப்பதாம் காதையில் மைத்திரி, கருணை, முதிதை மூன்றும் செற்றத்தை அறுக்கும் வழியாகச் சொல்லப்படுகின்றன. செற்றம் என்பது கணநேரக் கோபமல்ல, உள்ளே தங்கிப்போன பகை. அதே காப்பியத்தில் ஆபுத்திரனுக்கு அமுதசுரபி கிடைப்பது மதுரைச் சிந்தாதேவி கோயிலில். ஊர் பிறப்பைச் சொல்லித் துரத்தியவன் கையில்தான் எல்லா உயிருக்கும் சோறிடும் பாத்திரம் வருகிறது. அம்பேத்கர், 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், கருணை போதாது, மைத்திரி வேண்டும் என்கிறார்; கருணை மனிதரோடு நின்றுவிடும், மைத்திரி உயிர் அனைத்துக்கும் போகும் என்பது அவர் விளக்கம். கருணை காட்டுபவருக்குக் கீழே ஒருவர் தேவைப்படுகிறார் என்பதை நாம் அனுபவத்தில் சேர்த்துக்கொள்கிறோம். மைத்திரி, மித்திரன் என்ற சொல்லின் வழி வந்தது. தோழமை.

ஒன்பதாவது பாட்டு இதை எப்போது செய்வது என்று சொல்கிறது: நிற்கும்போது, நடக்கும்போது, உட்காரும்போது, படுத்திருக்கும்போதும், தூக்கம் வராதவரை. பத்தாவது, கொள்கைப் பிடிவாதத்தில் விழாதவராக, ஒழுக்கமும் தெளிந்த பார்வையும் உடையவராக, புலனாசை நீங்கியவராக இருப்பவர் மீண்டும் கருவில் வருவதில்லை என்று முடிகிறது. மறுபிறப்பை ஏற்காத தோழர்கள் நம்மில் பலர். அவர்கள் கடைசி அடியில் நின்றுவிடலாம். ஆனால் அதற்கு முந்திய அடியில் கொள்கைப் பிடிவாதத்துக்கு அது வைக்கும் 'திட்டி' என்ற சொல் அவர்களுக்கும் எங்களுக்கும் சேர்த்தே இருக்கிறது.