எந்த அறைக்குப் போவது?

2013, ஏப்ரல் கடைசி. பாரிஸில் சி.எச்.ஐ. மாநாடு. கம்ப்யூட்டரோடு மனிதர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய்கிறவர்கள் வருடாவருடம் கூடும் இடம். 400-க்கும் மேற்பட்ட உரைகள். ஒரே நேரத்தில் ஒரு டஜனுக்கும் மேலான அறைகளில் பேச்சு நடக்கும். எதை எப்போது வைப்பது?

அதுவரை ஒரு சின்னக் குழு உட்கார்ந்து கட்டுரைகளைத் தலைப்புவாரியாகப் பிரித்து, அட்டவணை போட்டுவிடும். பெரிய பேச்சாளர் இரண்டு பேர் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். போதாது! இரண்டு பிரபலங்களுக்கும் ரசிகர்கள் வேறு வேறென்றால் மோதினாலும் நஷ்டமில்லை. ஆனால், பார்வையற்றோருக்கான கருவிகள் பற்றி இரண்டு சின்ன உரைகள் ஒரே நேரத்தில் நடந்தால்? இரண்டையும் கேட்க வந்த அதே முப்பது பேர் தவித்துப்போவார்கள்.

இது கட்டுரையாளர்களுக்குத்தானே தெரியும்? அவர்களையே கேட்டார்கள். 'உங்கள் கட்டுரையோடு எவை சேரும்? நீங்கள் எவற்றைக் கேட்க ஆசைப்படுகிறீர்கள்?' பதில்களை 'கோபி' என்ற மென்பொருள் வாங்கிக்கொண்டது. (நம்மூர் கோபி இல்லை!) அமைப்பாளர் ஓர் அமர்வை நகர்த்தினால் எங்கே மோதல் தீர்கிறது, எங்கே புதிதாக முளைக்கிறது என்று திரையில் காட்டும்.

எல்லா மோதலும் தீராது. ஒருவரே இரண்டு அறையில் பேச முடியாது. அதை முதலில் விலக்கியாக வேண்டும். ஒன்றை விலக்கினால் இன்னொன்று கிளம்பும். எதைப் பொறுத்துக்கொள்வது? அந்த முடிவை மட்டும் மனிதர்கள்தான் எடுத்தார்கள்.