கிரயமா, அடமானமா? சொத்துரிமை மாற்றச் சட்டத்தில் ஒரு வரலாற்றுத் தடம்

நிலத்தின் மீதான உரிமையை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றித் தரும் வழிகளுள் கிரயம், குத்தகை, அடமானம் ஆகிய மூன்றும் முதன்மையானவை. 1882 ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் இவற்றுக்குத் தனித்தனியே இலக்கணம் வகுத்தது. 54 ஆவது பிரிவின்படி, கிரயத்தில் விலை பெற்றுக்கொண்டு உடைமையுரிமை முழுவதும் மாற்றித் தரப்படுகிறது. 105 ஆவது பிரிவின்படி, குத்தகையில் மாறுவது அனுபவிக்கும் உரிமை மட்டுமே. உடைமை நிலக்காரரிடமே இருக்கும். 58 ஆவது பிரிவின்படி, அடமானத்தில் கடனுக்குப் பிணையாகச் சொத்தில் ஓர் உரிமை மாற்றித் தரப்படுகிறது. கடன் தீர்ந்தால் அது திரும்பிவிடும்.

ஏட்டளவில் தெளிவாக இருக்கும் இந்த எல்லைக்கோடு, நடைமுறையில் ஒரே ஓர் ஆவணத்தால் நூறாண்டுகளுக்கு மேலாகக் கலங்கியிருக்கிறது. குறித்த கெடுவுக்குள் பணத்தைத் திருப்பித் தந்தால் நிலத்தை மீண்டும் எழுதித் தருவேன், தவறினால் நிலம் எனக்கே என்ற நிபந்தனையோடு எழுதப்படும் கிரயப் பத்திரமே அது. கடன் கொடுப்பவருக்கு இது வசதியானது. கெடு முடிந்ததும் நிலம் அவருடையதாகிவிடும். கடனுக்கு நிலத்தின் மதிப்பு பல மடங்காக இருந்தாலும் வழக்குத் தொடர வேண்டியதில்லை.

வங்காளத்தில் 1806 ஆம் ஆண்டின் 17 ஆவது ஒழுங்குமுறை இதற்கு ஒரு தடை வைத்தது. கெடு முடிந்த பின்னும் கடன்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, ஓராண்டு அவகாசம் தர வேண்டும் என்றது. சென்னை மாகாணத்தில் அத்தகைய ஒழுங்குமுறை இல்லை. 1858 முதல் இங்குள்ள நீதிமன்றங்கள் ஆங்கிலேய நியாய நெறியைப் பின்பற்றி, கெடு முடிந்த பின்னும் மீட்கும் உரிமையை ஏற்கத் தொடங்கின. ஆனால் பட்டாபிராமையர் வழக்கில் 1870 இல் லண்டன் பிரிவி கவுன்சில் இதை மறுத்தது: ஒப்பந்தத்தில் உள்ளபடியே நடக்க வேண்டும், கெடு கடந்தால் நிலம் போனதுதான். 1875 இல் தம்புசாமி முதலியார் வழக்கிலும் அதே கருத்தை உறுதி செய்த கவுன்சில், சென்னைத் தீர்ப்புகளை நம்பி மக்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதையும் சட்டமியற்றும் தேவையையும் சுட்டியது.

1882 ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு விடையாக அமைந்தது. 58(இ) பிரிவு இந்த வகைப் பத்திரத்தையும் அடமானத்துக்குள் கொண்டுவந்தது. 60 ஆவது பிரிவின்படி, தரப்பினரின் செயலாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ அன்றி மீட்புரிமை அழியாது. கெடு தாண்டியதும் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள விரும்பும் கடன் கொடுத்தவர், மீட்புரிமையை முடக்கும் தீர்ப்பாணையை வழக்காடித்தான் பெற வேண்டும்.

இதற்கும் ஒரு சந்து இருந்தது. கிரயத்தை ஒரு பத்திரத்திலும், திரும்ப எழுதித் தரும் வாக்கை வேறொன்றிலும் எழுதிக்கொள்ள, கடன் பெற்றவர்கள் இரண்டும் சேர்ந்து அடமானமே என்று வாய்ச்சாட்சியம் கொண்டு வாதிட்டனர். 1929 திருத்தம் இதை முடித்தது: நிபந்தனை கிரயப் பத்திரத்திலேயே இருந்தாலன்றி அது அடமானமாகாது. 1954 இல் சுன்சுன் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரே பத்திரத்தில் இருப்பது மட்டும் முடிவான சான்று ஆகாது, தரப்பினரின் எண்ணத்தை ஆவணத்திலிருந்து அறிய வேண்டும் என்றது. ஆயினும் திருத்தத்துக்குப் பின்னும் இரு பத்திரம் எழுதாதவர்கள் கிரயத்தை எண்ணவில்லை என்று கொள்வது பொருத்தமே என்றும் கூறியது.

ஓர் உதாரணத்தால் இதைப் பார்க்கலாம். 10 லட்சம் மதிப்புள்ள நிலத்தை வைத்து ஒரு விவசாயி 3 லட்சம் வாங்குகிறார்; 5 ஆண்டு கெடு. திரும்பத் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்து, விலையும் மதிப்பை விட மிகக் குறைவாக இருந்தால், அது அடமானம் என்று கொள்ள வலுவான அடிப்படை உண்டு. கெடு முடிந்தும், 1963 காலவரையறைச் சட்டப்படி, மீட்கும் உரிமை எழுந்ததிலிருந்து 30 ஆண்டுகள் அவர் வழக்கிடலாம். நிபந்தனை தனி ஒப்பந்தத்தில் இருந்தால், அவர் வெறும் மறுகிரய ஒப்பந்தக்காரர். கெடுவைக் கறாராகக் காக்க வேண்டும். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குக்கு 3 ஆண்டுகளே. அதே நிலத்தை 5 ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருந்தால், திருப்ப வேண்டிய கடனே இல்லை. நிலம் கைமாறினாலும் புதிய உரிமையாளர் குத்தகைக்கு உட்பட்டே அதைப் பெறுகிறார்.

ஆக, இந்த மூன்றையும் பிரிக்கும் கேள்வி ஒன்றே: பத்திரம் எழுதிய பின்னும் கடன் உயிரோடு இருக்கிறதா? இருந்தால் அடமானம், இல்லாமல் உடைமை மாறியிருந்தால் கிரயம், அனுபவம் மட்டும் மாறியிருந்தால் குத்தகை. பத்திரத்தின் தலைப்பு இதைத் தீர்மானிக்காது. எனவே பணத்தேவைக்காக நிலத்தை எழுதித் தருபவர், மீட்கும் நிபந்தனை அந்தப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.